ஆண்டின் நடுவில் வேலை மாறியவருக்கான வருமான வரி மதிப்பீடு: இரண்டு சம்பளங்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறை

முந்தைய அலுவலகத்தில் வரி எதுவும் பிடிக்கவில்லை, புதிய அலுவலகத்திலும் பிடிக்கவில்லை, ஆகவே தமக்கு வரியே இல்லை என்று நம்பியிருந்தவர், ஜூலை மாதத்தில் கணக்குத் தாக்கல் செய்ய அமரும்போது ஒரு லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டியிருப்பதைக் கண்டு திகைப்பதை, சம்பளக் கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலான நேரங்களில் இரண்டு நிறுவனங்களும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று கொடுத்த சம்பளம் தெரியாது என்பதே சிக்கல். இந்தியாவில் சம்பளம் வாங்குபவர் இதை ஆண்டு முடிவதற்குள் எப்படிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதை 2025-26 நிதியாண்டின் விகிதங்களைக் கொண்டு, புதிய வரிமுறையில், ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். இங்கு வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அந்த எண்கள் மாறும். ஆனால் கணக்கின் அடிப்படை மாறாது.

பிழை எங்கே பிறக்கிறது

கவிதா என்ற ஊழியரை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஒரு நிறுவனத்தில் மாதம் 95,000 ரூபாய் சம்பளத்தில் பணியாற்றினார். செப்டம்பர் 1 அன்று மாதம் 1,45,000 ரூபாய்க்கு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார்; சேரும்போது 1,00,000 ரூபாய் ஜாயினிங் போனஸும் கிடைத்தது.

முதல் நிறுவனம் ஏப்ரலில் கணக்குப் போட்டபோது அவர் மார்ச் வரை அங்கேயே இருப்பார் என்றுதான் கொள்ள முடியும். 95,000 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கினால் 11,40,000. நிலையான கழிவான 75,000 போக 10,65,000. புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் 87ஏ பிரிவின்படி 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால் வரி இல்லை என்று முடிவு செய்தது. அது சரியான முடிவுதான்.

இரண்டாம் நிறுவனம் செப்டம்பரில் கணக்குப் போட்டது. ஏழு மாதச் சம்பளம் 10,15,000, போனஸ் 1,00,000, ஆக 11,15,000. நிலையான கழிவு போக 10,40,000. இதற்கும் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் இங்கும் வரி பூஜ்யம்.

ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு ஒரே முறை மட்டும் உரியவை மூன்று: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லாத படிநிலையும் அதை அடுத்து வரும் குறைந்த விகிதங்களும், 75,000 ரூபாய் நிலையான கழிவு, 12 லட்சம் வரையிலான தள்ளுபடி. கவிதாவுக்கு இந்த மூன்றும் இரண்டு முறை கொடுக்கப்பட்டுவிட்டன. சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது என்பது இந்த இரட்டிப்பை நீக்குவதே. ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வைத்திருந்தால் எந்த எண்ணை எங்கே எழுதுவது என்ற குழப்பம் வராது.

முதல் படி: பழைய நிறுவனத்தின் சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது

அதிகத் தவறுகள் நடப்பது இந்தப் படியில்தான் என்பதால் இதற்குச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றான படிவம் 16, பழைய நிறுவனத்திடமிருந்து அடுத்த ஆண்டு ஜூன் 15ஆம் தேதியை ஒட்டித்தான் கைக்கு வரும். அதற்காகக் காத்திருக்க முடியாது. இப்போது கையில் இருக்க வேண்டியவை மூன்று: ஏப்ரல் முதலான சம்பளச் சீட்டுகள், கடைசியாகக் கிடைத்த வரிக் கணக்குத் தாள், வேலையை விட்டபின் கொடுக்கப்பட்ட முழு மற்றும் இறுதிக் கணக்குத் தாள்.

இறுதிக் கணக்குத் தாளைப் பார்க்காமல் சம்பளச் சீட்டுகளை மட்டும் கூட்டுவது பலரும் செய்யும் பிழை. விலகல் கடிதம் கொடுத்த ஊழியரின் கடைசி மாதச் சம்பளத்தைப் பல நிறுவனங்கள் நிறுத்திவைத்து, பின்னர் இறுதிக் கணக்கோடு சேர்த்துக் கொடுக்கின்றன. கவிதாவிடம் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு சீட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 3,80,000. ஆகஸ்ட் மாதச் சம்பளமான 95,000 ரூபாயும் ஊக்கத்தொகையான 25,000 ரூபாயும் அக்டோபரில் வந்த இறுதிக் கணக்கில் இருந்தன. ஆக, அவருடைய உண்மையான தொகை 5,00,000. சீட்டுகளை மட்டும் கூட்டி 3,80,000 என்று எழுதியிருந்தால், விடுபட்ட 1,20,000 ரூபாய்க்கு 15 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸுமாக 18,720 ரூபாய் குறைந்திருக்கும்.

அதே தாளில், நோட்டீஸ் காலம் முழுவதும் பணியாற்றாததற்காக 30,000 ரூபாய் பிடித்திருந்தார்கள். வங்கிக்கு வந்த தொகை அந்த அளவுக்குக் குறைவு. ஆனாலும் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது பிடித்தம் செய்வதற்கு முந்தைய தொகையையே. இந்தப் பிடித்தத்தை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பாய முடிவுகள் இருக்கின்றன என்றாலும், நிறுவனங்கள் பொதுவாக அதைக் கழிக்காமலேயே படிவம் 16 தருகின்றன. அந்தக் கோரிக்கையைத் தாக்கல் செய்யும்போது ஆலோசகரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். மதிப்பீட்டில் நாமாகவே கழித்துக்கொள்வது பாதுகாப்பானதல்ல. புதிய நிறுவனம் அந்த நோட்டீஸ் தொகையை ஈடுசெய்து கொடுத்தால், அது புதிய நிறுவனம் தரும் சம்பளத்தின் பகுதியாகவே வரிக்கு வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கவனம், எந்த எண்ணை எடுப்பது என்பதில் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் சிடிசி தொகையை எடுக்கக் கூடாது. அதில் நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் கலந்திருக்கும். வங்கிக்கு வந்த தொகையையும் எடுக்கக் கூடாது. அதில் ஊழியரின் பிஎஃப் பங்கு கழிந்திருக்கும், புதிய முறையிலோ அதற்குக் கழிவு இல்லை. வரிக் கணக்குத் தாளின் கடைசி வரியில் இருக்கும் வரிக்குரிய வருமானத்தையும் எடுக்கக் கூடாது. அதில் 75,000 ரூபாய் ஏற்கெனவே கழிந்திருக்கும். நிலையான கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளமே நமக்குத் தேவை. விலகும்போது விடுப்புக்கு ஈடாகப் பணம் கிடைத்திருந்தால் அதற்கு 10(10ஏஏ) பிரிவின்படி வரம்புக்கு உட்பட்ட விலக்கு உண்டு. விலக்குப் பெற்ற பகுதியையும் மீதியையும் பழைய நிறுவனம் எப்படிப் பிரித்திருக்கிறது என்று பார்த்து, மீதியை மட்டும் சேர்க்க வேண்டும்.

பழைய நிறுவனத்தில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தவர்களுக்கு இங்கே மேலும் ஒரு வேலை இருக்கிறது. அவர்களுடைய வரிக் கணக்குத் தாளில் வீட்டு வாடகைப்படிக்கான விலக்கும் கழிக்கப்பட்டிருக்கும். புதிய நிறுவனத்தில் புதிய முறைக்கு வந்தால் அந்த விலக்கு ஏப்ரல் முதலான மாதங்களுக்கும் கிடைக்காது, ஏனென்றால் தாக்கல் செய்யும்போது ஆண்டு முழுவதற்கும் ஒரே முறைதான் இருக்க முடியும். ஆகவே விலக்கைத் திரும்பச் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாம் படி: சேர்த்துக் கணக்கிடுவது

எண்கள் கைக்கு வந்தபின் கணக்கு எளிது.

```
முதல் நிறுவனம், ஏப்ரல்–ஆகஸ்ட்          5,00,000
இரண்டாம் நிறுவனம், செப்டம்பர்–மார்ச்    11,15,000
மொத்தச் சம்பளம்                      16,15,000
நிலையான கழிவு, ஒரே முறை                75,000
வரிக்குரிய வருமானம்                  15,40,000
```

இதை 2025-26ஆம் ஆண்டுக்கான படிநிலைகளில் பிரித்தால், முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதமாக 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதமாக 40,000. எஞ்சிய 3,40,000 ரூபாய்க்கு 15 சதவீதமாக 51,000. ஆக 1,11,000 ரூபாய். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியிருப்பதால் தள்ளுபடி இல்லை. 4 சதவீத செஸ்ஸான 4,440 ரூபாயைச் சேர்த்தால் ஆண்டு வரி 1,15,440 ரூபாய். இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே பூஜ்யம் என்று காட்டிய அதே சம்பளத்துக்கான வரி இது.

கூட்டுத்தொகை 12,75,000 ரூபாயைச் சற்றே தாண்டும் நிலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 12 லட்சத்தைக் கடந்த தொகையைவிட வரி அதிகமாகிவிடாதபடி ஓர் எல்லை நிவாரணம் உண்டு. எடுத்துக்காட்டாக, இரண்டு சம்பளமும் சேர்ந்து 13,00,000 என்றால் வரிக்குரிய வருமானம் 12,25,000. படிநிலைப்படி வரி 63,750. ஆனால் 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை 25,000 மட்டுமே என்பதால் வரியும் 25,000 ரூபாயோடு நின்றுவிடும், செஸ் சேர்த்து 26,000. நிறுவனத்தின் வரிக் கணக்குத் தாளில் இந்த நிவாரணம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: படிவம் 12பி

192ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஆண்டின் நடுவில் வேலை மாறியவர் முந்தைய சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வழிசெய்கிறது. அதற்கான படிவம்தான் 12பி. பழைய நிறுவனத்தின் பெயர், முகவரி, டான் மற்றும் பான் எண்கள், பணியாற்றிய காலம், சம்பளத்தின் பகுப்பு, சலுகைகளின் மதிப்பு, பிஎஃப் பிடித்தம், பிடித்த வரி ஆகியவை அதில் கேட்கப்படும். ஊழியரே கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டியது. பழைய நிறுவனத்தின் சான்று தேவையில்லை. ஆயினும் இறுதிக் கணக்குத் தாளையும் கடைசி வரிக் கணக்குத் தாளையும் இணைத்தால் சம்பளப் பிரிவில் கேள்விகள் குறையும். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தங்கள் இணையதளத்தில் ஒரு பக்கமாகவே வைத்திருக்கின்றன.

பழைய நிறுவனம் வரி பிடித்திருந்தால் அந்தத் தொகையையும் எழுத வேண்டும். வருமானத்தை எழுதிவிட்டு பிடித்த வரியை எழுத மறந்தவர்களிடமிருந்து புதிய நிறுவனம் முழு வரியையும் மீண்டும் பிடித்துவிடும். அதைத் திரும்பப் பெற மறு ஆண்டு வரை காத்திருக்க நேரும். கவிதாவிடம் முன்பே 20,000 ரூபாய் பிடித்திருந்தால் புதிய நிறுவனம் பிடிக்க வேண்டியது 95,440 மட்டுமே.

முந்தைய சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குக் காட்டப் பலரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஊதிய உயர்வுப் பேச்சில் அது தமக்கு எதிராகப் பயன்படுமோ என்ற கவலை இருக்கும். சட்டமும் இதைக் கட்டாயமாக்கவில்லை, தெரிவிக்கலாம் என்றே சொல்கிறது. ஆனால் தெரிவிக்காதவர் அந்த வரியை, ஆண்டு முடிவதற்குள் தவணைகளில் கட்டும் முன்வரியாகத் தாமே கட்ட வேண்டும். அதற்கான விலையை நான்காம் படிக்குப் பின் சொல்கிறேன்.

நான்காம் படி: மீதமுள்ள மாதங்களில் பகிர்வதும் சரிபார்ப்பதும்

சம்பளப் பிரிவு, பிடிக்க வேண்டிய மீதி வரியை மீதமுள்ள சம்பள மாதங்களால் வகுக்கும். கவிதா செப்டம்பர் சம்பளக் கணக்கு மூடப்படுவதற்கு முன், இறுதிக் கணக்கு வரும்வரை காத்திராமல் தமக்குத் தெரிந்த தொகையை வைத்தே 12பி கொடுத்திருந்தால் ஏழு மாதங்களில் மாதம் சுமார் 16,491 ரூபாய். டிசம்பரில் கொடுத்தால் நான்கு மாதங்கள்தான், மாதம் 28,860. பிப்ரவரியில் கொடுத்தால் இரண்டே மாதங்கள், மாதம் 57,720. மொத்த வரி மாறுவதில்லை. ஆனால் வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் குடும்பத்தில் 16,491 ரூபாயைச் சமாளிப்பதும் 57,720 ரூபாயைச் சமாளிப்பதும் ஒன்றல்ல. இறுதிக் கணக்கு பின்னர் வந்து எண் மாறினால் திருத்திய படிவம் கொடுத்தால் போதும். ஆண்டுக்குள் ஏற்பட்ட கூடுதலையும் குறைவையும் பின்வரும் மாதங்களில் சரிசெய்துகொள்ள நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு.

படிவம் கொடுத்த அடுத்த மாதம் வரிக் கணக்குத் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். முந்தைய நிறுவனத்தின் வருமானம் என்ற வரியில் 5,00,000 இருக்கிறதா, நிலையான கழிவு 75,000 ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறதா, 87ஏ தள்ளுபடி நீங்கியிருக்கிறதா என்ற மூன்றும் போதும். அந்த வரியில் 4,25,000 என்று இருந்தால், கழிவு போன தொகை உள்ளே போய்விட்டது என்று பொருள். அதன்மேல் மென்பொருள் இன்னொரு 75,000 கழித்திருக்கும். அதனால் பிடிக்கும் வரித்தொகை 11,700 ரூபாய் குறையும். இது புதிய ஊழியர்களிடம் நான் அடிக்கடி கண்ட பிழை. மாதாந்தர வரி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது என்று மகிழ்ந்து அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

தெரிவிக்காவிட்டால் வரும் வட்டி

வரிப் பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி கட்ட வேண்டியிருந்தால் முன்வரி கட்டும் கடமை வருகிறது. ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்பது தவணை. கவிதா எதையும் தெரிவிக்காமல், எதையும் கட்டாமல் 2026 ஜூலையில் தாக்கல் செய்தால், தவணை தவறியதற்கு 234சி பிரிவின்படி 5,825 ரூபாயும், ஆண்டு முடிந்தும் கட்டாததற்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதங்களுக்கு 234பி பிரிவின்படி 4,616 ரூபாயும், ஆக 10,441 ரூபாய் வட்டி சேரும்.

இங்கு அதிகம் கவனிக்கப்படாத ஒரு வேறுபாடு இருக்கிறது. நிறுவனம் பிடித்த வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டிருந்தாலும், தவணைக் கணக்கு அந்தத் தொகையைக் கழித்த பிறகே தொடங்குகிறது. ஆகவே பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிடித்தாலும் 234சி வட்டி வராது. அதே தொகையை நாமே முன்வரியாகக் கட்டினால் கட்டிய தேதி கணக்கில் வரும். கவிதா டிசம்பர் 15க்குள் 75 சதவீதத்தையும் மார்ச் 15க்குள் மீதியையும் ஒழுங்காகக் கட்டினாலும், ஜூன், செப்டம்பர் தவணைகளுக்கான 2,076 ரூபாய் வட்டியைத் தவிர்க்க முடியாது. முந்தைய சம்பளத்தைச் சொல்லாமல் இருப்பதற்கான விலை அது. என் கருத்தில், தயக்கத்துக்கு உறுதியான காரணம் இருப்பவர் அந்தத் தொகையை மனமுவந்து கொடுக்கலாம். மற்றவர்கள் 12பி கொடுப்பதே நல்லது.

மார்ச் மாதத்தில்தான் பிழை தெரிந்தது, சம்பளக் கணக்கும் மூடப்பட்டுவிட்டது என்றால், வருமான வரித் தளத்தில் `e-Pay Tax` பகுதியில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றும் வகை `Advance Tax (100)` என்றும் தேர்ந்து மார்ச் 31க்குள் கட்டிவிட வேண்டும். 31ஆம் தேதி வரை கட்டுவதும் முன்வரியாகவே கருதப்படும். 15ஆம் தேதிக்குள் கட்டினால் வட்டி 4,671. அதற்குப் பின் 31க்குள் என்றால் 5,825. இரண்டிலும் 234பி வட்டி முழுவதும் நீங்கும். ஆண்டு எண்ணை 2025-26 என்று தவறாகத் தேர்ந்துவிடுவதும் நடக்கிறது. கட்டும் முன் அந்த ஒரு பெட்டியை மறுமுறை பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: தாக்கல் செய்யும்போது

ஜூனில் இரண்டு படிவம் 16களும் வந்தபின், புதிய நிறுவனத்தின் பாகம் பி-யில் பிற நிறுவனங்களிடமிருந்து பெற்றதாகத் தெரிவித்த சம்பளம் என்ற வரியைத் தேட வேண்டும். அதில் 5,00,000 இருந்தால் அந்தத் தாளின் இறுதி வருமானத்தில் முந்தைய சம்பளம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் பழைய நிறுவனத்தின் படிவத்தையும் மேலே கூட்டினால் 5 லட்சம் இருமுறை கணக்கில் வந்து, கட்டத் தேவையில்லாத வரி கட்ட நேரும். பாதுகாப்பான வழி, ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த சம்பளத்தை மட்டும் நாம் தனித்தனியே பதிவு செய்து, நிலையான கழிவை ஒருமுறை எடுப்பது. பிடித்த வரியை, நம் பான் எண்ணில் வரவான வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஒவ்வொரு நிறுவனத்தின் டான் எண்ணின் கீழும் ஒப்பிட வேண்டும். இப்படிப் பதிவு செய்து 15,40,000 வருமானமும் 1,15,440 வரியும் வந்தால், செப்டம்பரில் போட்ட மதிப்பீடு சரியாக நிறைவேறியிருக்கிறது. வேறு எண் வந்தால், பெரும்பாலும் இறுதிக் கணக்குத் தாளிலோ 75,000 ரூபாயிலோ அந்த வேறுபாடு இருக்கும். முதலில் அந்த இரண்டு இடங்களிலும் தேட வேண்டும்.